10,760 ரூபாய் கட்டச் சொல்லும் செட்டில்மென்ட் தாள்

கேள்வி: ஒரு தனியார் நிறுவனத்தில் 5 வருடம் 4 மாதம் வேலை செய்தேன். மாதம் 48,000 ரூபாய் சம்பளம். ஜூன் 1 அன்று ராஜினாமா கொடுத்தேன். 60 நாள் நோட்டீஸில் 40 நாள் வேலை செய்துவிட்டு ஜூலை 10 அன்று வெளியே வந்தேன். ஜூன் மாதச் சம்பளத்தையும் ஜூலையில் வேலை செய்த 10 நாள் சம்பளத்தையும் நிறுத்தி வைத்துவிட்டு, 45 நாள் கழித்து ஃபைனல் செட்டில்மென்ட் வரும் என்றார்கள். இப்போது வந்திருக்கும் தாளில் நான்தான் நிறுவனத்துக்கு 10,760 ரூபாய் கட்ட வேண்டும், கட்டினால்தான் விடுவிப்புக் கடிதம் என்று இருக்கிறது. கட்ட வேண்டுமா? என் சம்பளம் அவ்வளவுதானா?

பதில்:

கட்டாதீர்கள். அந்தத் தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். நீங்கள் இணைத்திருக்கும் கணக்கைப் பார்த்தேன். நிறுவனம் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டியிருக்கிறது. அந்தத் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பது என் கணிப்பு. எப்படி என்பதை வரிவரியாகச் சொல்கிறேன்.

முதலில் 45 நாள் என்ற பேச்சு. நிறுவனங்கள் தங்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட வழக்கம் இது. சட்டத்தில் இப்படி ஒரு கெடு கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத்தொகுப்பு, 2019இன் 17ஆம் பிரிவு, ராஜினாமா செய்தவர், பணிநீக்கம் செய்யப்பட்டவர், ஆட்குறைப்பில் போனவர், நிறுவனம் மூடப்பட்டதால் வேலை இழந்தவர் ஆகிய எல்லோருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. முன்பிருந்த 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம் மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களைக் கண்டுகொள்ளவில்லை. அதனால் உங்களைப் போன்றவர்கள் வழக்கறிஞர் நோட்டீஸ், உரிமையியல் நீதிமன்றம் என்று அலைய வேண்டியிருந்தது. இப்போது அந்த வரம்பு போய்விட்டது. மேலாளர், மேற்பார்வையாளர், அலுவலகப் பணியாளர் எல்லோரும் இதற்குள் வருகிறார்கள். எச்.ஆர். பிரிவில் இருக்கும் பலர் இன்னமும் பழைய வரம்பை மனதில் வைத்துக்கொண்டே பதில் சொல்கிறார்கள். ஆகவே இந்த ஒரு பிரிவை எழுத்தில் சுட்டிக்காட்டினாலே பல இடங்களில் பேச்சின் தொனி மாறிவிடும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. ஜூன் சம்பளம் ஜூலை 7க்குள் உங்கள் கணக்குக்கு வந்திருக்க வேண்டும். அன்று நீங்கள் இன்னும் அந்த நிறுவனத்தின் ஊழியர். தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். ராஜினாமா கொடுத்தவரின் நோட்டீஸ் கால சம்பளத்தை "செட்டில்மென்டில் சேர்த்துக் கொடுப்போம்" என்று நிறுத்தி வைப்பது மிகப் பரவலான பழக்கம். மிகத் தவறான பழக்கமும்கூட. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. ஆகவே உங்கள் வழக்கில் தாமதம் இரண்டு: ஜூன் சம்பளம் ஜூலை 7லிருந்தும், பத்து நாள் சம்பளம் ஜூலை 10க்குப் பிந்தைய இரண்டாவது வேலை நாளிலிருந்தும் பாக்கியாக நிற்கின்றன. கடிதம் எழுதும்போது இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

இனி அந்தத் தாள். வரவு பக்கத்தில் ஜூன் சம்பளம் 48,000, ஜூலையின் பத்து நாளுக்கு 16,000, எடுக்காத 12 நாள் விடுப்புக்கு அடிப்படைச் சம்பளக் கணக்கில் 8,000, ஆக 72,000. பிடித்தம் பக்கத்தில் 20 நாள் நோட்டீஸ் குறைவுக்கு 32,000, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 5,760, மடிக்கணினிச் சேதம் 25,000, பயிற்சி ஒப்பந்தத் தொகை 20,000, ஆக 82,760. கழித்தால் 10,760 உங்கள் தலையில். கூட்டல் கழித்தலில் பிழை எதுவும் இல்லை. உள்ளே போட்டிருக்கும் தொகைகள்தான் நிற்காதவை. வருமான வரி, பி.எஃப். பிடித்தங்கள் அந்தத் தாளில் இல்லை. அவற்றால் கீழே நான் சொல்லும் கணக்கு கொஞ்சம் குறையலாம்.

எந்தப் பிடித்தத்தையும் பார்ப்பதற்கு முன் ஒரு பொது வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊதியத்திலிருந்து எவற்றையெல்லாம் பிடிக்கலாம் என்று ஊதியச் சட்டத்தொகுப்பின் 18ஆம் பிரிவு பட்டியல் தருகிறது. அந்தப் பட்டியலில் உள்ள பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு ஊதியக் காலத்தில் ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. உங்கள் ஜூன் சம்பளத்தில் அதிகபட்சம் 24,000, ஜூலையின் 16,000இல் அதிகபட்சம் 8,000. நிறுவனம் சொல்லும் ஒவ்வொரு பிடித்தமும் நியாயமானது என்றே ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும், 32,000 ரூபாய் உங்கள் கைக்கு வந்தே தீர வேண்டும். அதற்கு மேலும் உங்களிடமிருந்து ஏதாவது வரவேண்டும் என்று நிறுவனம் நினைத்தால், அதைத் தனியாகக் கேட்டு, தனியாக நிரூபித்து வாங்கிக்கொள்ளட்டும். உழைத்துச் சம்பாதித்த ஊதியம் ஒன்று. நிறுவனம் உங்கள் மேல் வைத்திருக்கும் கோரிக்கை வேறொன்று. செட்டில்மென்ட் தாள் இந்த இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் போட்டுக் கலக்கிவிடுகிறது. பிரச்சினை அங்கேதான் பிறக்கிறது.

நோட்டீஸ் குறைவை எடுத்துக்கொள்வோம். நான்கு பிடித்தங்களில் ஓரளவு வலு உள்ளது இது ஒன்றுதான். 18ஆம் பிரிவின் பட்டியலில் நோட்டீஸ் குறைவு என்று தனித் தலைப்பு இல்லை. நிறுவனத்தின் உரிமை உங்கள் பணி நியமன ஆணையில் உள்ள வாசகத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே அந்த ஆணையை எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். நோட்டீஸ் கொடுக்காவிட்டால் அதற்கு ஈடான பணம் என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் அது மொத்தச் சம்பளமா, அடிப்படைச் சம்பளமா? நிறுவனம் உங்களை அனுப்பினாலும் அதே 60 நாள்தானா, அல்லது அவர்களுக்கு 30, உங்களுக்கு 60 என்று இருக்கிறதா? பல ஆணைகளில் அடிப்படைச் சம்பளம் என்றே இருக்கும்; செட்டில்மென்ட் போடுபவர் பழக்க தோஷத்தில் மொத்தச் சம்பளத்தைப் போட்டுவிடுவார். உங்கள் அடிப்படைச் சம்பளம் 20,000 என்பதால், அந்தக் கணக்கில் 20 நாளுக்கு 13,333 ரூபாய்தான் ஆகும். 32,000க்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஆணையில் ஒரு தொகை எழுதியிருந்தாலும், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி அது உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டையே கேட்க முடியும்.

இன்னொரு கேள்வி இதைவிட முக்கியம். ஜூலை 10 என்ற தேதியை முடிவு செய்தது யார்? நீங்கள் கெஞ்சி வாங்கிய தேதியா, அல்லது வேலையை ஒப்படைத்த பிறகு உங்கள் மேலாளரே "10ஆம் தேதியோடு முடித்துக்கொள்ளலாம்" என்று எழுதினாரா? நிறுவனமே முன்கூட்டி விடுவித்துவிட்டு, எந்த நிபந்தனையும் குறிப்பிடாமல் ராஜினாமாவை அந்தத் தேதிக்கு ஏற்றுக்கொண்டிருந்தால், மீதி 20 நாளை அவர்கள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று வாதிட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. அந்த மின்னஞ்சல் உங்களிடம் இருக்கிறதா என்று உடனே தேடுங்கள். அலுவலக மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்டிருந்தால், மேலாளருடன் நடந்த கைபேசிச் செய்திகளைப் பாருங்கள்.

ஜிஎஸ்டி வரியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. நோட்டீஸ் குறைவுக்காக ஊழியரிடமிருந்து வாங்கும் தொகைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2022 ஆகஸ்டில் வெளியான 178/10/2022 எண் சுற்றறிக்கையில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் தெளிவுபடுத்திவிட்டது. 5,760 ரூபாயை அடித்துவிடுங்கள்.

மடிக்கணினிக்கு 25,000. சேதத்துக்காகப் பிடிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் படிகள் இருக்கின்றன. அந்தப் பொருள் உங்கள் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். சேதம் உங்கள் கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக ஏற்பட்டிருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். பிடிக்கும் தொகை உண்மையான இழப்பைத் தாண்டக் கூடாது. நான்கு வருடம் ஓடிய கணினியின் விசைப்பலகை தேய்ந்திருப்பது கவனக்குறைவு ஆகாது. அது பயன்பாட்டுத் தேய்மானம். உண்மையிலேயே திரை உடைந்திருந்தாலும், பழுதுபார்த்த ரசீதின் தொகையைத்தான் கேட்கலாம், புதுக் கணினியின் விலையை அல்ல. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், கணினியை ஒப்படைத்த அன்று ஐ.டி. பிரிவு எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு நோ டியூஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. அந்தப் படிவத்தின் நகல் உங்களிடம் இருந்தால் இந்தப் பிடித்தம் அங்கேயே விழுந்துவிடும். விளக்கம் கேட்காமலே பிடித்ததும் தனிக் குறை.

பயிற்சி ஒப்பந்தம். இரண்டு வருடம் வேலை செய்வேன் என்று சேரும்போது எழுதிக்கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். ஐந்து வருடம் வேலை செய்துவிட்டீர்கள். அந்த ஒப்பந்தத்தின் காலம் முடிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. பின்னால் வேறு ஒப்பந்தம் ஏதாவது கையெழுத்திட்டிருந்தால் மட்டும் இதைப் பேச வேண்டும். அப்போதும் நிறுவனம் உங்களுக்காக என்ன பயிற்சிக்கு எவ்வளவு செலவழித்தது என்பதற்கு ரசீது காட்ட வேண்டும். அலுவலகத்துக்குள் மூத்தவர் ஒருவர் வேலை சொல்லிக்கொடுத்ததற்கு 20,000 ரூபாய் என்று எந்த அதிகாரி முன்பும் நிற்காது.

இப்போது தாளில் இல்லாத வரிக்கு வருவோம். செட்டில்மென்ட் தாள்களில் இருப்பதைச் சரிபார்க்கும் பலர் இல்லாததைக் கவனிப்பதில்லை. ஐந்து வருடம் முடித்த உங்களுக்குப் பணிக்கொடை எங்கே? பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் என்பதால் அது கட்டாயம். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் ஊதியம். மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதியை ஒரு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். உங்களுடையது நான்கு மாதம் என்பதால் ஐந்து வருடம்தான்.

ஊதியம் என்று எதை எடுப்பது என்பதில்தான் புதிய சட்டத்தொகுப்புகள் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கின்றன. உங்கள் சம்பளச் சீட்டில் அடிப்படை 20,000, வீட்டு வாடகைப்படி 16,000, போக்குவரத்துப்படி 12,000. பழைய முறையில் 20,000ஐ வைத்துக் கணக்குப் போட்டிருப்பார்கள். 57,692 ரூபாய் வந்திருக்கும். புதிய வரையறையில், ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். உங்கள் படிகள் 28,000, மொத்தத்தில் பாதி 24,000, தாண்டியது 4,000. அதைச் சேர்த்தால் ஊதியம் 24,000 ஆகிறது. 24,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆல், ஐந்தால் பெருக்கினால் 69,231 ரூபாய்.

பணிக்கொடையை 30 நாட்களுக்குள் தர வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேரும். நீங்கள் விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டு அறிவிப்பது நிறுவனத்தின் கடமை. இருந்தாலும் எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். இந்தப் பணத்தில் மடிக்கணினியையும் நோட்டீஸையும் கழிக்க நிறுவனத்துக்கு இடமில்லை. பணிக்கொடையைப் பறிமுதல் செய்வது, சொத்துக்குச் சேதம் விளைவித்தது, வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்ற காரணங்களுக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவர்களுக்கு மட்டும்தான். தானாக ராஜினாமா செய்தவரிடம் அந்தப் பேச்சே எழாது.

ஆக உங்கள் கணக்கு இப்படி நிற்கிறது. வரவு 72,000. நியமன ஆணையில் அடிப்படைச் சம்பளம் என்று இருந்தால் 13,333 கழித்து 58,667. மொத்தச் சம்பளம் என்று இருந்தால் 32,000 கழித்து 40,000. இரண்டிலும் பணிக்கொடை 69,231ஐக் கூட்டுங்கள். முதல் வகையில் 1,27,898, இரண்டாவது வகையில் 1,09,231. 10,760 ரூபாய் கட்டு என்று வந்த தாளின் உண்மை நிலவரம் இது.

என்ன செய்ய வேண்டும்? இன்றே உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து ஒரு கடிதம் அனுப்புங்கள். எச்.ஆர்., கணக்குப் பிரிவு இரண்டுக்கும் போகட்டும். கோபம் வேண்டாம், தேதியும் தொகையும் போதும். சர்ச்சை இல்லாத ஊதியத்தை உடனே செலுத்துமாறு முதல் பத்தியில் கேளுங்கள். அடுத்து ஒவ்வொரு பிடித்தத்துக்கும் ஆதாரம் கேளுங்கள்: நோட்டீஸுக்கு நியமன ஆணையின் எந்த வாசகம், கணினிக்கு என்ன பழுது ரசீது, பயிற்சிக்கு எந்த ஒப்பந்தம். ஜிஎஸ்டி சுற்றறிக்கையின் எண்ணைக் குறிப்பிடுங்கள். பணிக்கொடையைத் தனிப் பத்தியில் கேளுங்கள். பதிலளிக்க ஏழு நாள் கொடுங்கள். சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்குப் பதிவு, ராஜினாமா மின்னஞ்சல், அதை ஏற்ற பதில், நோ டியூஸ் படிவம், வருகைப் பதிவு ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்.

"முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். ஊதியத்துக்கான உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்று ஊதியச் சட்டத்தொகுப்பின் 60ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு அதிலிருந்து மீள்வது நீண்ட வேலை. பாதிப் பணமாவது வரட்டும் என்று நினைத்தால், "இந்தத் தொகையை மட்டும், ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்" என்று கைப்பட எழுதிக் கையெழுத்திடுங்கள்.

ஏழு நாளில் பதில் இல்லையென்றால் மாநிலத் தொழிலாளர் துறைக்குப் போங்கள். பெரும்பாலான தனியார் நிறுவனங்களுக்கு மாநில அரசுதான் பொறுப்பு. வங்கி, ரயில்வே, சுரங்கம், துறைமுகம் போன்றவை மத்திய அரசின் தொழிலாளர் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. உங்கள் பகுதிக்கான உரிமைக்கோரல் அதிகாரி யார் என்று அலுவலகத்திலேயே சொல்வார்கள். 45ஆம் பிரிவின் கீழ் நீங்களே மனுக் கொடுக்கலாம். தொகை வர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு. பாக்கியோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அந்த அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. பத்து மடங்கு என்பது உச்சவரம்பு. அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்த எண்ணைப் படிப்பார், அது போதும். மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது விதி, நடைமுறையில் நீளலாம். உத்தரவுக்குப் பிறகும் கட்டாவிட்டால் நிலவரிப் பாக்கியைப் போல மாவட்ட நிர்வாகம் வசூலிக்கும். பணிக்கொடைக்கு மட்டும் தனி மனு, தனி அதிகாரி. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

மனு செய்பவர்கள் பெரிதும் பயப்படுவது "எப்படி நிரூபிப்பது" என்பதற்குத்தான். ஊதியம் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம். 59ஆம் பிரிவு அந்தச் சுமையை அவர்கள் மேல் வைக்கிறது. வேலை செய்தேன், பணம் வரவில்லை என்பதைக் காட்ட உங்கள் வங்கிப் பதிவும் வருகைப் பதிவும் போதும்.

ராஜினாமா செய்யாமல் அனுப்பப்பட்டவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. தவறு செய்ததாகப் பணிநீக்கம் செய்யப்பட்டாலும், வேலை செய்த நாட்களின் ஊதியம் உங்களுடையதுதான். இரண்டு வேலை நாள் கெடுவும் அதேதான். தமிழ்நாட்டில் கடை, அலுவலகம் போன்றவற்றில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை அனுப்ப நியாயமான காரணமும், நிரூபிக்கப்பட்ட தவறுக்காக அனுப்பினால் தவிர ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும் வேண்டும் என்று 1947ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு கூறுகிறது. ஒரு வருடத்துக்கு மேல் பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்பில் அனுப்பினால் முடித்த வருடத்துக்கு 15 நாள் ஊதியம் வீதம் தனி இழப்பீடும் சேரும். அது பணிக்கொடைக்கு மேல். அதற்குப் பதிலாக அல்ல. "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், அனுபவச் சான்றிதழ் நல்லபடியாகத் தருகிறோம்" என்று சொல்லும்போது, அந்த நோட்டீஸ் சம்பளத்தையும் இழப்பீட்டையும் தவிர்க்கத்தான் பல சமயம் அப்படிக் கேட்கிறார்கள்.

கடைசியாக விடுவிப்புக் கடிதம். அதைக் காட்டி மிரட்டுவது பலிப்பதற்குக் காரணம், புதிய நிறுவனம் அதைக் கேட்கும் என்ற பயம். ராஜினாமாவை ஏற்ற மின்னஞ்சல், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, கணினி ஒப்படைத்த படிவம் ஆகியவற்றைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்து, செட்டில்மென்ட் சர்ச்சையில் இருக்கிறது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். பி.எஃப். கணக்கில் பணி விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய நிறுவனம் பதிவு செய்யாவிட்டால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கழிந்ததும் இ.பி.எஃப்.ஓ. இணையதளத்தில் நீங்களே பதிந்துகொள்ளலாம். அந்தத் தேதி பதிவானதும், நீங்கள் அங்கிருந்து விலகிவிட்டீர்கள் என்பதற்கு அரசுப் பதிவே சாட்சி.